தேர்வு அறையில் அந்த ஐந்து நிமிடங்கள்

இறுதியாண்டு மாணவர்களைப் பருவத் தேர்வுக்கு முன் கூட்டி வைத்துத் துறைத் தலைவர் பேசுவது எங்கள் கல்லூரியில் வழக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தென்மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி எங்களுடையது. நான் சிவில் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். ‘பதற்றப்படாதீர்கள், நன்றாகத் தூங்குங்கள், உங்களால் முடியும்’ என்று சொல்லி வாழ்த்தி அனுப்பிவிட்டால் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ‘பதற்றப்படாதே’ என்பதைக் கேட்டுப் பதற்றம் அடங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கிற மாணவர், ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது’ என்று கூடுதலாக ஒரு கவலையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்.

அதனால் இந்த முறை கருத்தரங்க அறைக்கு ஒரு பழைய வினாத்தாளையும் ஐ.எஸ். 456 கையேட்டையும் கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். நிதானம் என்பது மனநிலை என்பதைவிட, முன்கூட்டியே எடுத்து முடித்த சில முடிவுகள் என்பது என் எண்ணம். அறைக்குள் போய் முடிவெடுக்க வேண்டியவை எவ்வளவு குறைகின்றனவோ, அவ்வளவு கை நடுங்காமல் எழுதும். அங்கே பேசியதை, கொஞ்சம் விரித்து, இங்கே எழுதி வைக்கிறேன். வேறு கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஏழாம் பருவத்தினர். அவர்களுடைய பாடத்திட்டத்தில் எட்டாம் பருவம் முழுக்கத் திட்டப்பணிதான். ஆகவே அவர்களில் பலருக்கு எழுத்துத் தேர்வு என்பது இதோடு முடிகிறது. சிலருக்கு முடியவில்லை. ஐந்தாம் பருவத்து கான்கிரீட் வடிவமைப்புத் தாள் இன்னும் அரியராக நிற்கிறது. வளாக நேர்காணலில் வேலை உறுதியாகி, ‘அரியர் இல்லாமல் பட்டம் பெற வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கடிதம் வாங்கியவர்களும் அந்தச் சிலரில் உண்டு. அவர்களை நினைத்துத்தான் பேச்சை அமைத்தேன். பாடமே படிக்காதவர்களுக்கு நான் சொல்வது எதுவும் உதவாது. படித்திருந்தும் அறைக்குள் போனதும் கைவிட்டுப் போகிறதே, அவர்களுக்கானது இது.

முதலில் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதினேன்: 45.

2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. வினாத்தாள் நூறு மதிப்பெண்ணுக்கு இருக்கும். அதை அறுபதுக்குச் சுருக்கிக்கொள்வார்கள். தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். பல்கலைக்கழகத் தேர்வில் 45 விழுக்காடு வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஐம்பது வர வேண்டும். தாளில் 45 வாங்கினால் அது அறுபதுக்கு 27. அகமதிப்பீட்டில் 23 வைத்திருப்பவருக்குக் கூட்டினால் சரியாக ஐம்பது. 23 அல்லது அதற்கு மேல் வைத்திருக்கிற எல்லோருக்கும் தேவை 45தான். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு எண் ஏறும். உதாரணமாக 18 வைத்திருப்பவருக்கு இன்னும் 32 வேண்டும். நூறுக்குக் கணக்கிட்டால் 54.

ஒவ்வொருவரையும் தம் அரியர் தாளுக்கு இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தாளில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் ஒரு மாணவர், “மேடம், இவ்வளவுதானா?” என்று கேட்டார். இவ்வளவுதான். பிறகு அந்த 45 எங்கிருந்து வரும் என்று பார்த்தோம். தாளில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள். ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், ஒவ்வொன்றிலும் ‘அ’ அல்லது ‘ஆ’. கடைசியில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று. பத்துச் சிறு வினாக்களில் ஏழு சரியென்றால் 14. பெரிய வினாக்களில் மூன்றை ஓரளவு எழுதி ஒவ்வொன்றுக்கும் எட்டு என்றால் 24. மீதி இரண்டில் தெரிந்த வரைக்கும் எழுதித் தலா நான்கு என்றால் 8. மொத்தம் 46. கடைசிப் பதினைந்து மதிப்பெண் வினாவைத் தொடவே இல்லை.

குறைவாக எழுதினால் போதும் என்று நான் சொல்லவில்லை என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். இந்தக் கணக்கின் பயன் வேறு. அறையில் ஒரு வினா கைவிட்டதும் ‘எல்லாம் போயிற்று’ என்று மனம் சொல்லும். அது பொய். பதின்மூன்று போனால் எண்பத்தேழு மீதி இருக்கிறது. எனக்குத் தேவை 45 என்று முன்பே கணக்கிட்டு வைத்திருப்பவருக்கு அந்தப் பொய்யை எதிர்த்துச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. முதல் மதிப்பெண்ணை நோக்கி எழுதுபவருக்கு இந்த எண் வேறாக இருக்கும். ஆனால் எண் ஒன்று வேண்டும்.

அடுத்தது நேரம். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்கு இருபத்து மூன்றரை நிமிடம் வரும். நான் சொன்ன பங்கீடு இது: வாசித்துத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம், சிறு வினாக்களுக்கு 22, பெரிய வினா ஒவ்வொன்றுக்கும் 24 வீதம் ஐந்துக்கு 120, கடைசி வினாவுக்கு 27. கூட்டினால் 174. ஆறு நிமிடம் மிச்சம்.

இதில் நான் அழுத்திச் சொன்னது முதல் ஐந்து நிமிடத்தை. அறை தடுமாற வைப்பது பெரும்பாலும் ‘அ’வா, ‘ஆ’வா என்ற இடத்தில்தான். ‘அ’வை எடுத்து முக்கால் பக்கம் எழுதிவிட்டு, சிக்கியதும் ‘ஆ’ சுலபமாகத் தோன்றி அங்கே தாவுவார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். ‘ஆ’வையும் அவசரத்தில் எழுதுவார்கள், பின்னால் வரும் எல்லா வினாக்களும் பத்து நிமிடம் தள்ளிப்போகும். அந்தப் பத்து நிமிடம் மூன்றாவது மணி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஆகவே வினாத்தாள் கைக்கு வந்ததும் பேனாவை எடுக்காமல் ஐந்து ஜோடிகளையும் வாசித்து, எது என்று மனத்தில் தீர்மானித்துவிட வேண்டும். வினாத்தாளில் பதிவெண்ணைத் தவிர எதையும் எழுதக் கூடாது என்பதால் குறியிட முடியாது. ஐந்து தேர்வுகள்தானே, நினைவில் நிற்கும். தீர்மானித்த பிறகு மாற்றுவதில்லை. கணக்கு சிக்கினாலும் சிக்கிய இடம்வரை எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ‘ஆ’வில் எட்டு நிமிடத்தில் எழுதப்போகும் அரைகுறை விடையை விட அது பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். வினாவையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மட்டும் மாற்றலாம்.

சிறு வினாக்களை முதலில் எழுதுவதா, நன்றாகத் தெரிந்த பெரிய வினாவை முதலில் எழுதுவதா என்று துறைக்குள்ளேயே எங்களுக்கு இரண்டு கட்சி. நான் சிறு வினாக்கள் பக்கம். இரண்டு வரி, ஒரு சூத்திரம் என்று எழுதும்போது கை பழகுகிறது, மூச்சு ஒழுங்காகிறது. தெரியாததற்கு நான்கு வரி இடம் விட்டுத் தாண்டிவிட வேண்டும். இருபத்திரண்டாவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் நகர்ந்துவிட வேண்டும். மூன்றாவது சிறு வினாவில் விடை நினைவின் விளிம்பில் நிற்கிறது என்று ஆறு நிமிடம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நான் கண்காணிப்புக்குப் போன அறைகளில் எல்லாம் பார்த்திருக்கிறேன். இரண்டு மதிப்பெண்ணுக்கு ஆறு நிமிடம்.

இனி, நான் உண்மையில் பேச வந்த விஷயம். எவ்வளவு திட்டமிட்டாலும் தாளில் ஓர் இடத்தில் ஐந்து கெட்ட நிமிடங்கள் வரும். அவற்றை எப்படிக் கடப்பது? இதைப் பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும் என்பதால் பலகையில் ஒரு கணக்கைப் போட்டேன். கான்கிரீட் வடிவமைப்பில் மிகச் சாதாரணமான வினா.

இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட பீம். பயனுறு நீளம் 5 மீட்டர். அகலம் 230 மி.மீ., பயனுறு ஆழம் 400 மி.மீ. தன் எடையோடு சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை. எம்20 கான்கிரீட், எஃப்இ 415 கம்பி. இழுவிசைப் பக்கம் மட்டும் கம்பி வைத்து வடிவமைக்க வேண்டும்.

மாணவர் தொடங்குகிறார். சுமையை 1.5ஆல் பெருக்குகிறார், 30. மொமென்ட் எழுத வேண்டும். நீளத்தின் வர்க்கம் 25. முப்பதை இருபத்தைந்தால் பெருக்கி 750 என்று எழுதுகிறார். எட்டால் வகுக்க விட்டுவிட்டார். வீட்டில் எழுதினால் நேராத தவறு. பின்வரிசையில் யாரோ கூடுதலாக வரைபடத்தாள் கேட்ட அந்த நொடியில் நேர்ந்தது. அடுத்து, பீம் தாங்கக்கூடிய எல்லை மொமென்ட்டைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். நேரம் போகிறதே என்று அந்தப் படியைத் தாண்டி, கம்பிப் பரப்புக்கான சூத்திரத்துக்கே போகிறார்.

```
Ast = 0.5 (fck/fy) [1 − √(1 − 4.6 Mu / (fck b d²))] b d
```

கால்குலேட்டரில் போட்டதும் திரையில் Math ERROR என்று வருகிறது.

இங்கே அறையில் என்ன நடக்கும் என்பதை நிறுத்திச் சொன்னேன், ஏனென்றால் கணக்கைவிட இதுதான் முக்கியம். மாணவர் அதே எண்களைத் திரும்பப் போடுவார். மீண்டும் Math ERROR. மூன்றாவது முறை வேகமாகப் போடுவார். இதற்குள் மூச்சு மேல்மார்பில் ஏறி வேகமாகிவிடும். வேகமாக மூச்சு விடும்போது உடலிலிருந்து தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது; அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை லேசாகச் சுற்றும், விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், எழுத்து மங்கும். மாணவர் அதை ‘எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று’ என்று புரிந்துகொள்கிறார். எதுவும் மறக்கவில்லை. மூச்சு கெட்டிருக்கிறது. ஆனால் அப்படிப் புரிந்துகொண்டதும் அடுத்த காரியம் நடக்கிறது: பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்துவிடுகிறார்.

அந்த அடித்தலில்தான் மதிப்பெண் போகிறது. Math ERROR-இல் போகவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். இரண்டாம் முறையும் அதே விடை வந்தால் மூன்றாம் முறை போடக் கூடாது. கால்குலேட்டரை மேசையில் வைத்துவிட வேண்டும். பேனாவையும் கீழே வைக்க வேண்டும். கையில் பேனா இருந்தால் அது அடிக்கத்தான் போகும். மூச்சை மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். ஐந்தாறு முறை. ஆழ ஆழ இழுப்பது வேண்டாம். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் காரியம். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். 180இல் ஒன்று. அரை மதிப்பெண் விலைதான்.

பிறகு, கணக்கைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கக் கூடாது. நாமே எழுதியதை மேலிருந்து வாசித்தால் கண் அதே வழியில் வழுக்கிக்கொண்டு போகும்; எட்டு இல்லாதது தெரியவே தெரியாது. பிழை தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கால்குலேட்டர் ஏன் மறுத்தது? வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்திருக்கிறது. எப்போது அப்படி வரும்? 4.6 மடங்கு மொமென்ட், கீழே இருக்கும் பெருக்குத்தொகையைத் தாண்டினால். அதாவது, இந்த பீம் தாங்கவே முடியாத மொமென்ட்டைக் கொடுத்திருக்கிறேன். தாங்கக்கூடியது எவ்வளவு? எஃப்இ 415 கம்பிக்கு

```
Mu,lim = 0.138 fck b d²
       = 0.138 × 20 × 230 × 400²
       = 101.6 × 10⁶ N mm  (101.6 kN m)
```

தாங்கக்கூடியது 101.6, நான் கொடுத்திருப்பது 750. ஏழு மடங்குக்கு மேல். கொஞ்சம் கூடியிருந்தால் அமுக்கப் பக்கமும் கம்பி வைத்துச் சமாளிக்கிற வடிவமைப்பு என்று நினைக்கலாம். ஆனால் வினாவே இழுவிசைப் பக்கம் மட்டும் கம்பி என்கிறது. ஆசிரியர் தாங்காத பீமைக் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே பிழை மொமென்ட்டில். அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். எட்டு கிடைத்துவிடும். 750ஐ எட்டால் வகுத்தால் 93.75. எல்லைக்குள் வருகிறது. சூத்திரத்தில் போட்டால் கம்பிப் பரப்பு சுமார் 790 சதுர மி.மீ. பதினாறு மி.மீ. கம்பி நான்கு வைத்தால் 804. முடிந்தது.

தவறான எண்ணை மட்டும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினால் போதும். பக்கத்தை அடிக்கத் தேவையே இல்லை. சுமை சரி, 1.5 மடங்கு சரி, சூத்திரம் சரி. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருக்கிறது. வகுப்புத் தேர்வில் இந்த மாதிரிக் கணக்குக்கு நான் மதிப்பெண் பிரிப்பதைப் பலகையில் எழுதிக் காட்டினேன்: சுமைக்கும் மொமென்ட்டுக்கும் மூன்று, எல்லை மொமென்ட் ஒப்பீட்டுக்கு இரண்டு, கம்பிப் பரப்புக்கு மூன்று, கம்பி எண்ணிக்கைக்கு ஒன்று, வெட்டுவிசைச் சரிபார்ப்புக்கு மூன்று, குறுக்குவெட்டுப் படத்துக்கு ஒன்று. எட்டால் வகுக்க மறந்தவர் அதில் இழப்பது ஒன்றோ இரண்டோ. பக்கத்தை அடித்தவர் பதின்மூன்றையும் இழக்கிறார்.

முன்வரிசையில் இருந்த மாணவி கை தூக்கினார். “மேடம், பிழையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால்?”

நல்ல கேள்வி. கண்டுபிடிக்க முடியாமலும் போகும். அதற்கு எல்லை வைத்துக்கொள்ளச் சொன்னேன்: ஐந்து நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால், ‘மொமென்ட் எல்லையைத் தாண்டுகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, கம்பி கணக்கிடும் முறையைச் சூத்திரத்தோடு எழுதி, குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், விடை தவறு என்று தெரிந்தே முறையை எழுதியிருக்கும் மாணவருக்குக் கொடுக்க எங்களிடம் ஏதாவது இருக்கும். வெற்றுப் பக்கத்துக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. பல நேரம், மூன்றாவது வினாவை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த எட்டு தானாக நினைவுக்கு வரும். விட்டுவைத்த அரைப் பக்கம் அதற்காகத்தான்.

இன்னொரு மாணவர், விடை வந்த பிறகும் அது சரியா என்ற சந்தேகத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இது அடக்கமான பதற்றம். வெளியே தெரியாது, ஆனால் நேரத்தைத் தின்றுவிடும். அவருக்குச் சொன்னது: வந்த விடையைப் பழைய வழியிலேயே மறுபடி கணக்கிட்டுப் பயனில்லை, வேறு குறுக்கு வழியில் ஒரு முறை பாருங்கள். இந்தக் கணக்கில் நெம்புகை நீளத்தை ஆழத்தில் 0.8 பங்கு என்று வைத்துக்கொண்டு, மொமென்ட்டை 0.87 × 415 × 320ஆல் வகுத்தால் 811 வரும். 790க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரை நிமிட வேலை. அல்லது கம்பியின் விழுக்காட்டைப் பாருங்கள். 790ஐ 230 × 400ஆல் வகுத்தால் 0.86 விழுக்காடு. பீமுக்கு இயல்பான அளவு. 8 விழுக்காடு என்றோ 0.08 என்றோ வந்தால் பத்தின் அடுக்கு எங்கோ நழுவியிருக்கிறது, ஐ.எஸ். 456 இழுவிசைக் கம்பிக்கு நான்கு விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை, இந்தக் கம்பிக்குக் குறைந்தபட்சமும் ஏறக்குறைய 0.2 விழுக்காடு. ஒருமுறை பார்த்துச் சரியென்றால் கோடு போட்டுவிட்டு நகருங்கள். இரண்டாம் முறை பார்ப்பது சரிபார்ப்பு இல்லை.

கையேடு பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. கான்கிரீட் வடிவமைப்புத் தாளுக்கு அனுமதிக்கப்பட்ட கையேட்டை எடுத்துப் போகலாம். அது ஆறுதல் தரும் பொருள் என்று நினைத்துப் பலர் அதைத் தேர்வன்றுதான் முதல்முறையாகப் புரட்டுகிறார்கள். கான்கிரீட்டின் வெட்டுவலிமைக்கான 19ஆம் அட்டவணையைத் தேடிக் கை நடுங்கப் பக்கம் புரட்டுவதைவிட மோசமான நிலை இல்லை. அட்டவணை 19 எங்கே இருக்கிறது, பின்னிணைப்பு ‘ஜி’ எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, அறைக்குள் போவதற்கு முன் கையேட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டி, உள்ளே பென்சில் குறிப்போ துண்டுத் தாளோ இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். சீனியரிடம் இரவல் வாங்கிய பிரதி என்றால் கட்டாயம். அவர் என்றோ எழுதிய சூத்திரம் உங்கள் கையில் பிடிபட்டால் அது முறைகேடு. விளக்கம் சொல்ல வேண்டிய இடம் தேர்வறை அல்ல.

அரியர் எழுதுபவர்கள் வினாத்தாள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேலே அச்சிட்டிருக்கும் வினாத்தாள் எண்ணையும் பாடக் குறியீட்டையும் ஒழுங்குமுறை ஆண்டையும். ஒரே அறையில் வெவ்வேறு ஒழுங்குமுறையினர் உட்காரும்போது ஒத்த பெயருள்ள வேறு தாள் கைக்கு வந்துவிடலாம். அதைப் பார்க்காமல் முதல் பக்கத்தை வாசித்து, ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று வியர்ப்பதைவிட, குறியீட்டைப் பார்த்துக் கை தூக்குவது நல்லது. விடைத்தாளின் முகப்பில் பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணை எழுதி வட்டங்களை நிரப்பும் வேலையையும் மனப்பாடமாகச் செய்யாமல் அனுமதிச் சீட்டைப் பார்த்து இலக்கம் இலக்கமாக நிரப்பச் சொன்னேன். அங்கே ஒரு வட்டம் தவறினால், எழுந்து சொல்லித் திருத்தி வரும் வரை மனம் தாளில் இறங்காது.

கடைசியில் நான் சொன்னது எல்லோருக்குமானது அல்ல. சிலருக்கு இது தேர்வுப் பதற்றத்தின் அளவைத் தாண்டியிருக்கும். தேர்வுக்கு வாரங்களுக்கு முன்பே தூக்கம் போய்விடும், சோறு இறங்காது, நெஞ்சு படபடத்து உயிர் போவது போன்ற பயம் திடீரென்று வந்து போகும், வாழ வேண்டாம் என்ற எண்ணமும் எட்டிப் பார்க்கும். மூச்சு எண்ணுவதும் நேரம் பிரிப்பதும் அதற்கு மருந்தில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம். என்னிடம் வந்தாலும் கதவு திறந்திருக்கும். ஒரு தாளை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று பெற்றோரிடம் பேசுவது என் வேலை. அதைச் செய்ய எனக்குத் தயக்கம் கிடையாது.

ஒரு தாள் முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஒப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் மறுநாளும் தாள் இருக்கிறவர்கள் நேராகச் சாப்பிடப் போய்விட்டால் போதும். முடிந்துபோன தாளில் நீங்கள் எட்டால் வகுத்தீர்களா இல்லையா என்பது மரத்தடியில் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நாளைய தாளுக்குத் தேவையான மூன்று மணி நேரத் தூக்கம்தான் போகும்.

கூட்டம் முடிந்ததும் அரியர் இருப்பவர்களைத் தனியாக நிறுத்திக்கொண்டேன். வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வரைபட அறையில் கான்கிரீட் தாளை முழு மூன்று மணி நேரம் எழுத வைக்கப்போகிறோம்: கைப்பேசி வெளியே, கையேடு மேசையில், சுவரில் கடிகாரம். வினாத்தாளை நான்தான் தயாரிக்கிறேன். ஒரு பெரிய வினாவில் வேண்டுமென்றே பொருந்தாத ஓர் எண்ணைக் கொடுத்து வைப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். எந்த வினாவில் என்று சொல்லவில்லை. அங்கே வந்து அவர்கள் ஒருமுறை மாட்டிக்கொள்ள வேண்டும். பேனாவைக் கீழே வைத்து, மூச்சு விட்டு, பின்னோக்கித் தேட வேண்டும். விடைத்தாளைத் திருத்தும்போது விடை சரியா என்று பார்ப்பதற்கு முன், அந்தப் பக்கம் அடிக்கப்படாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.